மூன்று ‘உ’: ஊர்க் கணக்குப் புத்தகத்தைப் படியெடுத்த கதையும் அதற்கென எழுதிய ஒரு பக்கத் தாளும்

“2 ஜய வருடம் வைகாசி மாதம் 1022.”

எங்களுக்கு வந்த முதல் படியெடுப்பின் முதல் வரி இது. அனுப்பியவர் கவனக்குறைவானவர் இல்லை. கல்லூரியில் வரலாறு படிக்கிற பெண், தமிழ் எண்களைப் பார்த்துப் பழகிவிட்டுத்தான் உட்கார்ந்தாள். அதே பக்கத்தைத் தனியாகப் படியெடுத்த இன்னொருவர், ஓய்வு பெற்ற வாத்தியார், “உ ஜய வருஷம் வைகாசி மாதம் யஉஉ” என்று எழுதி அனுப்பியிருந்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒரே பக்கத்தைப் பார்த்து எழுதியவை என்றே தோன்றாது.

கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடிக்கும் பண்ணைக்காட்டுக்கும் போகிற பாதையில் இருக்கிற ஒரு சின்ன ஊரின் பொதுக் கணக்கு அது. ஊர்க் கோயில் மரப்பெட்டியில் ஏழு நோட்டுகள் கிடந்தன. தலைக்கட்டு வரி, திருவிழாச் செலவு, பூசாரிக்குக் கொடுத்தது, ஊர்க்கிணறு தூர் வாரியது, தெண்டம் வாங்கியது என்று 1954-லிருந்து ஏழெட்டு வருஷத்து நாள்வழிக் குறிப்புகள். மலை ஈரத்தில் ஓரமெல்லாம் பூஞ்சை பூத்து, கடைசி நோட்டின் அடிப்பக்கங்களைச் செல் அரித்திருந்தது. நோட்டுகளை ஊரை விட்டு வெளியே எடுத்துப் போகக் கூடாது என்று ஊர்க் கூட்டத்தில் சொல்லிவிட்டார்கள். நியாயம்தான். அதனால் கோயில் திண்ணையிலேயே வைத்துப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்தோம். படங்களைப் பார்த்து வீட்டிலிருந்தே எழுதித் தர, ஊர்க்காரர்களும் ஊரை விட்டுப் போன பிள்ளைகளுமாகப் பதினொரு பேர் முன்வந்தார்கள். ஒவ்வொரு பக்கத்தையும் இருவர், ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளாமல், தனித்தனியாக எழுத வேண்டும். மூன்றாவது ஆள் ஒப்பிட வேண்டும். அந்த மூன்றாவது ஆள் நான்.

அவர்களுக்குக் கையில் கொடுக்கிற தாளை நான் மூன்று தடவை எழுதினேன். முதல் தாள் ஆறு பக்கம். அதில் தமிழ் எண்களின் வரலாறு முழுக்க இருந்தது. யாரும் படிக்கவில்லை என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது, ஏனென்றால் ஒருவர்கூட ஒரு கேள்வி கேட்கவில்லை. கோபத்தில் இரண்டாவது தாளை ஒரே வரியில் முடித்தேன்: “உள்ளதை உள்ளபடி எழுதவும்.” அந்த ஒரு வரியின் விளைவுதான் மேலே இருக்கிற 1022.

அது எங்கே தவறியது என்று பார்ப்போம். நோட்டில் அந்த வரி இப்படி இருக்கிறது: உச்சியில் தனியாக ஒரு உ. கீழே “ஜய ௵ வைகாசி ௴ ௰௨௳”. உச்சியில் இருப்பது பிள்ளையார் சுழி. எண்ணும் இல்லை, கணக்கோடு சம்பந்தமும் இல்லை. ௰௨ என்பது பன்னிரண்டு. அதை அடுத்து, உ போலவே சுழித்து வாலை இழுத்துவிட்டிருக்கிற ௳ என்பது ‘தேதி’ என்பதற்கான குறி. ஆக ஒரே கையெழுத்தில், ஒரே மையில், இரண்டு அங்குல இடத்துக்குள் மூன்று உ நிற்கிறது. ஒன்று சாமி, ஒன்று இரண்டு, ஒன்று தேதி. அந்தப் பெண் மூன்றையும் 2 என்று எடுத்துக்கொண்டாள். வாத்தியார் மூன்றையும் எழுத்தாக எடுத்துக்கொண்டார். இருவருமே ‘உள்ளதை உள்ளபடி’ எழுதியவர்கள்தான்.

இதில் பெரிய சிக்கல் உருவத்தில் இல்லை, இடத்தில் இருக்கிறது. ௧ என்பதும் க என்பதும், ௭ என்பதும் எ என்பதும், ௮ என்பதும் அ என்பதும் கையெழுத்தில் கிட்டத்தட்ட ஒன்றேதான். கணக்கு எழுதியவருக்கு அது ஒரு குழப்பமே இல்லை, எந்த இடத்தில் எது வரும் என்று அவருக்குத் தெரியும். ஆகவே தாளில் எழுத்து உருவங்களை வரைந்து காட்டிப் பயனில்லை. எந்த இடத்தில் நிற்கிறது என்பதைத்தான் சொல்ல வேண்டும். பக்கத்தின் உச்சியில் தனியாக நின்றால் சுழி. மாதக் குறிக்குப் பின்னால், எண்ணை ஒட்டிக்கொண்டு வால் நீண்டிருந்தால் தேதி. மற்ற இடங்களில் தொகைப் பத்தியில் நின்றால் இரண்டு. இந்த மூன்று வாக்கியம்தான் மூன்றாவது தாளின் முதல் பகுதி ஆனது.

அடுத்து ௰. இங்கே எங்கள் வரலாற்று மாணவிக்கு அவள் படித்ததே வினையானது. ௰ என்றால் பத்து, ௨ என்றால் இரண்டு என்று தெரிந்து, இரண்டையும் அடுத்தடுத்து எழுதி 102 என்று போட்டுவிட்டாள். இந்தப் பழைய முறையில் பத்துக்கும் நூறுக்கும் ஆயிரத்துக்கும் தனித்தனி எழுத்து உண்டு: ௰, ௱, ௲. அவற்றுக்கு முன்னால் நிற்கும் எண் பெருக்கும், பின்னால் நிற்பது கூடும். ௰௨ என்றால் பத்தும் இரண்டும், அதாவது 12. ௨௰ என்றால் இரண்டு பத்து, 20. ௨௰௮ என்றால் 28. வாயால் சொல்லிப் பார்த்தால் உடனே பிடிபடும்: இருபத்தெட்டு என்று சொல்கிற வரிசையிலேயே எழுதியிருக்கிறது. ஆனால் நோட்டின் பிற்பகுதியில் அதே கை ௧௨ என்று, இன்றைய முறைப்படி இடமதிப்பு வைத்தும் பன்னிரண்டை எழுதுகிறது. அதனால் ‘எல்லாவற்றையும் இப்படி மாற்று’ என்று ஒரே விதி போட முடியாது. ௰ இருந்தால் வாய்விட்டுச் சொல்லிப் பார். இல்லாவிட்டால் அப்படியே வாசி. தாளில் அவ்வளவுதான் எழுதினோம்.

சரி, தேதி போகட்டும். அந்தப் பக்கத்தின் கணக்குக்கு வருவோம். 1954 மே மாதக் கடைசியில் நடந்த ஊர்த் திருவிழாவின் செலவு அது. ஆறு வரி. விளக்குக்கு எண்ணெய், சாம்பிராணியும் கற்பூரமும், மேளம், பெட்ரோமாக்ஸ் வாடகை, அரிசி ஏற்றி வந்த பொதிகுதிரைக் கூலி, பூசாரிக்குப் படி. எண்ணெய் வரியில் ௨ என்று போட்டு, அதை ஒட்டி வ போல ஒரு எழுத்து. வாத்தியார் அதை “எண்ணெய், 2, வரவு” என்று எழுதியிருந்தார். செலவுப் பக்கத்தில் எண்ணெய் எப்படி வரவாகும்? யாரோ காணிக்கையாகக் கொடுத்திருப்பார்கள் என்று அவரே ஒரு விளக்கமும் சேர்த்திருந்தார். விளக்கம் நன்றாகத்தான் இருந்தது, அதுதான் பயமாக இருந்தது. தவறான வாசிப்புக்கு இப்படிப் பொருத்தமான ஒரு கதை கிடைத்துவிட்டால் அப்புறம் யாரும் அதைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

நோட்டை எழுதியவரின் மகன் ஊரில் இருக்கிறார். எண்பதைத் தாண்டியவர், கண் மங்கல், ஆனால் அப்பா கையெழுத்து அவருக்கு மனப்பாடம். அந்தப் பெண்ணே போனில் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள்.

“தாத்தா, இது என்ன எழுத்து? வ-வா?”

“எழுத்தாவது? அது காலும்மா. ரெண்டேகால். ரெண்டு ரூவா நாலணா.”

அவ்வளவுதான். தமிழ்ப் பின்னக் குறிகளில் கால் என்பதற்கான குறி வ மாதிரியே இருக்கும். அணாக் காலத்தில் ரூபாய்க்குப் பதினாறு அணா, அணாவுக்குப் பன்னிரண்டு பை. ஆகவே நாலணா என்பது கால் ரூபாய், எட்டணா அரை, பன்னிரண்டணா முக்கால், ஓரணா ஒரு வீசம், அதாவது பதினாறில் ஒரு பங்கு. பழைய கணக்கர் பலர் அணாவைத் தனியாக எழுதாமல் ரூபாயின் பின்னமாகவே போட்டுவிடுவார்கள். நமக்கு ‘வ’ என்று தெரிவது அவருக்கு நாலணா.

இப்போது அந்த ஆறு வரியையும் சரியாக வாசித்தால் இப்படி வருகிறது (ரூபாய்-அணா-பை):

எண்ணெய் 2-4-0
சாம்பிராணி, கற்பூரம் 0-8-0
மேளம் 12-0-0
பெட்ரோமாக்ஸ் வாடகை 3-12-0
பொதிகுதிரைக் கூலி 5-8-0
பூசாரி படி 4-0-0

அடியில் ‘ஆக’ என்று போட்டு ௨௰௮. கூட்டிப் பாருங்கள். ரூபாய் மட்டும் 26, அணா 4, 8, 12, 8 சேர்ந்து 32, அதாவது இரண்டு ரூபாய். மொத்தம் 28. கச்சிதமாக உட்காருகிறது. மாணவியின் வாசிப்பில் மேளத்துக்கு மட்டும் 102 ரூபாய், மொத்தம் 2108. வாத்தியார் வாசிப்பில் எண்ணெய் வரவாகப் போய்விட்டதால், கூட்டல் 28-க்கு வந்து சேரவில்லை. கூட்டிப் பார்க்கச் சொல்லியிருந்தால் இருவருக்கும் அங்கேயே தட்டியிருக்கும். நான் சொல்லவில்லை.

கணக்குப் புத்தகத்தைப் படியெடுப்பதில் இது ஒரு தனி வசதி. பழைய கடிதத்தில் ஒரு சொல்லைத் தப்பாக வாசித்தால் அதைக் காட்டிக்கொடுக்க ஆளில்லை. கணக்கில் பக்கத்தின் அடியிலேயே கணக்கர் ஒரு சாட்சியை நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார். ஒப்பிடுகிற கூகுள் ஷீட்டில் ஒவ்வொரு தொகையையும் பையாக மாற்றிக் கூட்டுகிற ஒரு சூத்திரத்தைப் போட்டு வைத்தேன். D பத்தியில் 2-4-0 என்று இருந்தால்:

```
=INDEX(SPLIT(D2,"-"),1,1)*192+INDEX(SPLIT(D2,"-"),1,2)*12+INDEX(SPLIT(D2,"-"),1,3)
```

ரூபாய்க்கு 192 பை, அணாவுக்கு 12. எண்ணெய்க்கு 432 பை வரும். ஆறு வரியும் சேர்ந்து 5376 பை, அதாவது 28 ரூபாய். கூட்டல் ஒத்துப்போனால் அந்தப் பக்கத்தில் நான் அதிக நேரம் செலவழிப்பதில்லை. ஒத்துப்போகாவிட்டால்தான் வேலை.

இதிலும் ஒரு கூத்து நடந்தது. தன்னார்வலர்கள் கூகுள் ஷீட்டில் ‘3-8’ என்று தட்டினால் அது தானாகவே ஒரு தேதியாக மாறிக்கொண்டது. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் தொகைப் பத்தி முழுக்கத் தேதிகள். எது எட்டணா, எது மூன்றாம் மாதம் என்று பிரிப்பதைவிடப் படத்தைப் பார்த்துத் திரும்ப எழுதுவதே சுலபமாக இருந்தது. தட்ட ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே அந்தப் பத்தியை `Plain text` என்று வைத்துவிட வேண்டும். மாறின பிறகு வைத்தால் பழையது திரும்பாது. இதைத் தன்னார்வலர்களிடம் விடாமல் நானே முன்கூட்டி வைத்துக் கொடுத்தேன். தாளில் ஒரு வரி மிச்சம். ஒரு தாளைச் சுருக்க நல்ல வழி, இயந்திரம் பார்த்துக்கொள்ளக்கூடியதை மனிதரிடம் கேட்காமல் இருப்பது.

அப்புறம் கூட்டல் சாட்சியாக இருக்கிறது என்று சொன்னதும், எதிர்பார்க்காத ஒரு பிழை முளைத்தது. இன்னொரு பக்கத்தில் வரிகளைக் கூட்டினால் 41-14-0 வருகிறது, அடியில் கணக்கர் போட்டிருப்பது 41-6-0. எட்டணா குறைவு. எழுதிய இருவரில் ஒருவர், நல்ல எண்ணத்தில், அடித்தொகையை 41-14-0 என்று திருத்தி அனுப்பிவிட்டார். “அவர் தப்பாகக் கூட்டியிருக்கிறார், நான் சரி பண்ணிட்டேன் சார்” என்று குறிப்பும் போட்டிருந்தார். உண்மைதான், கணக்கர் தப்பாகக் கூட்டியிருந்தார். ஆனால் அடுத்த பக்கத்தின் இரண்டாம் வரியில் அவரே எழுதியிருக்கிறார்: “முன் பக்கம் கூட்டல் தவறு, 0-8-0”. ஊர்க் கூட்டத்தில் யாரோ கண்டுபிடித்துச் சொல்லியிருக்க வேண்டும், அவர் எட்டணாவைச் சேர்த்துக் கணக்கை நேர் செய்திருக்கிறார். முதல் பக்கத்தை நாம் திருத்திவிட்டால், அடுத்த பக்கத்தில் அந்த எட்டணா எதற்கு வந்தது என்றே புரியாது. அதோடு மொத்தத்தில் எட்டணா கூடுதலாகவும் போய்விடும். ஊர் தன் கணக்கைத் தானே தணிக்கை செய்ததற்கு நம் கையில் இருக்கிற ஒரே தடயத்தை அழித்தவர்கள் ஆகிவிடுவோம்.

‘திருத்தாதீர்கள்’ என்று சும்மா சொன்னால் யாருக்கும் உறைக்காது. நம்மிடம் படித்தவர்களுக்குத் தப்பைக் கண்டால் கை துறுதுறுக்கும். இந்த எட்டணாக் கதையைத் தாளிலேயே இரண்டு வரியில் எழுதிவிட்டேன். அதற்குப் பிறகு யாரும் கூட்டலைத் திருத்தவில்லை. ஒருவர் மட்டும் நோட்டின் முகப்பில் இருந்த ‘மதுரை ஜில்லா’ என்பதைத் ‘திண்டுக்கல் மாவட்டம்’ என்று மாற்றினார். திண்டுக்கல் தனி மாவட்டம் ஆனது 1985-ல். நோட்டு அதற்கு முப்பது வருஷம் முந்தையது.

பின்னக் குறிகளை எப்படித் தட்டுவது என்பதில் கொஞ்சம் தடுமாறினோம். தமிழ் எண்களுக்கும் ௵, ௴, ௳ போன்ற குறிகளுக்கும் யூனிகோடில் வெகுநாளாக இடம் உண்டு. கால், அரை, வீசம் போன்ற பின்னங்களுக்கு 2019-ல் வந்த யூனிகோடு 12.0-ல்தான் தனித் தொகுதி சேர்ந்தது. இடம் கிடைத்துவிட்டது என்பதற்காக எல்லாருடைய போனிலும் எழுத்துரு இருக்கும் என்று சொல்ல முடியாதே. சோதனைக்கு ஒரு கால் குறியை வாட்ஸாப்பில் அனுப்பினேன். பாதிப் பேருக்கு வெறும் கட்டமாகத் தெரிந்தது. கட்டத்தைப் பார்த்து யாரும் ஒப்பிட முடியாது. ஆகவே பின்னங்களைச் சொல்லாகவே, சதுர அடைப்புக்குள் எழுதுவது என்று முடிவு செய்தோம்: ௨[கால்]. தூய்மைவாதிகளுக்குப் பிடிக்காது. பிற்பாடு யாராவது அந்தச் சொல்லைக் குறியாக மாற்றிக்கொள்ளலாம், அது ஒரு நிமிஷ வேலை. கட்டத்தைத் திரும்பச் சொல்லாக்குவதுதான் முடியாது.

எண்களை மட்டும் எண்களாகவே தட்ட வேண்டும் என்று கறாராக இருந்தோம். உ என்ற எழுத்தைத் தட்டினாலும் ௨ என்ற எண்ணைத் தட்டினாலும் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும், தேடும்போது கணினிக்கு இரண்டும் வேறு. எல்லாருடைய போன் விசைப்பலகையிலும் தமிழ் எண் சுலபமாக வருவதில்லை என்பதால், வராதவர்கள் ‘உள்ளபடி’ பத்தியில் சாதாரண எண்ணையே தட்டிவிட்டு, முன்னால் [த] என்று போட்டால் போதும் என்று விட்டோம். நோட்டில் அது தமிழ் எண்ணாக இருந்தது என்ற செய்தி தப்பிவிடும்.

இனி 1957. இந்த நோட்டுகளில் என்னை அதிக நாள் உட்கார வைத்தது அந்த வருஷம்தான். இந்திய நாணயம் பதின்ம முறைக்கு மாறியது 1957 ஏப்ரல் 1. தமிழ்க் கணக்கில் அது துன்முகி வருஷம் பங்குனி. இரண்டு வாரம் கழித்து ஹேவிளம்பி பிறந்தது. சட்டப்படி ரூபாய்க்கு நூறு நயா பைசா ஆகிவிட்டது, ஆனால் பழைய அணாக் காசுகள் சில வருஷம் கூடவே புழங்கின. மலை மேல் ஒரு ஊர்க் கணக்கர் எந்தக் காலையில் எழுந்து பைசாவுக்கு மாறினார்? நோட்டில் எங்கும் சொல்லவில்லை. அதற்குள் அவர் பின்னக் குறிகளையும் விட்டுவிட்டு, சாதாரண எண்களில் ‘2-12’ என்று எழுதத் தொடங்கியிருந்தார். 2-12 என்றால் இரண்டு ரூபாய் பன்னிரண்டணாவா, இரண்டு ரூபாய் பன்னிரண்டு பைசாவா? முதலாவது இரண்டே முக்கால் ரூபாய். இரண்டாவது இரண்டு ரூபாய் இரண்டணாவுக்குக் கிட்டத்தட்டச் சமம். அப்போதைய மாற்றுக் கணக்கில் இரண்டணாவுக்குப் பன்னிரண்டு நயா பைசாதான்.

ஹேவிளம்பி ஆனி மாதத்துப் பக்கம் ஒன்று, அதாவது 1957 ஜூன்-ஜூலை. அதில் மூன்றே வரி: 2-12, 1-8, 3-4. ஒரு தன்னார்வலர் இது பைசாக் காலம் என்று தீர்மானித்து, இடைக்கோட்டைப் புள்ளியாக்கி 2.12, 1.8, 3.4 என்று எழுதிவிட்டார். ஷீட்டுக்கு 1.8 என்றால் ஒன்று எண்பது, 3.4 என்றால் மூன்று நாற்பது. அவர் நினைத்ததுகூட அது இல்லை. நான் செய்தது அடித்தொகையைப் பார்த்ததுதான். ரூபாய் மூன்றும் சேர்ந்து 6. பைசா என்றால் 12, 8, 4 சேர்ந்து 24, மொத்தம் 6-24 வர வேண்டும். அணா என்றால் 24 அணா, ஒன்றரை ரூபாய், மொத்தம் 7-8 வர வேண்டும். நோட்டின் அடியில் இருந்தது 7-8. சட்டம் மாறி இரண்டு மூன்று மாதம் ஆகியும் கணக்கர் அணாவிலேயே இருந்திருக்கிறார்.

அதிலிருந்து இரண்டு சோதனை கிடைத்தது. இரண்டாவது எண் 15-க்கு மேல் எங்காவது வந்தால் அந்தப் பக்கம் பைசா. பதினாறு அணா ஆனதும் அது ரூபாயாகிவிடும் என்பதால் அணாப் பத்தியில் 16 வரவே வராது. அப்படி எதுவும் வராவிட்டால், அடித்தொகை எந்த வழியில் கூடுகிறது என்று பார்க்க வேண்டும். இந்த முடிவை எடுப்பது தன்னார்வலர் இல்லை, ஒப்பிடுகிறவர். தன்னார்வலர் இடைக்கோட்டை இடைக்கோடாகவே விட்டால் போதும். இந்த ஒரே ஒரு வரி, ‘கோட்டைப் புள்ளியாக்காதீர்கள்’ என்பது, எங்கள் தாளிலேயே அதிகம் வேலை செய்த வரி.

வருஷப் பெயர்களுக்கும் இதே ஏற்பாடுதான். தன்னார்வலர் ‘ஜய, தை, 5’ என்று நோட்டில் உள்ளதை மட்டும் எழுத வேண்டும். ஒருவர் ஜய என்றால் 1954 என்று தெரிந்துகொண்டு, தை மாத வரிகளுக்கும் 1954 என்று போட்டுவந்தார். ஜய வருஷம் பிறந்தது 1954 ஏப்ரல் நடுவில், அதன் தை மாதம் வருவது 1955 ஜனவரியில். ஆங்கிலத் தேதிக்குத் தனிப் பத்தி வைத்து அதை நான் மட்டும் நிரப்பினேன்.

பெயர்கள் விஷயத்தில் தாள் மௌனமாக இருக்க முடியவில்லை. தலைக்கட்டு வரி பாக்கிப் பட்டியலும் தெண்டப் பட்டியலும் இருக்கின்றன. யார் எவ்வளவு பாக்கி, எதற்குத் தெண்டம் என்று பெயரோடும் சாதியோடும். பேரன்கள் இன்றும் ஊரில் இருக்கிறார்கள். ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார், “தாத்தா பாக்கி பதினாலு ரூவாயை இப்ப நான் கட்டணுமா?” இன்னொருவர் சிரிக்கவில்லை. ஊர்க் கூட்டத்தில் பேசி, அந்தப் பட்டியல்களையும் முழுதாகப் படியெடுப்பது, ஆனால் தனிக் கோப்பில் வைப்பது, பொதுவில் வைப்பதில்லை என்று முடிவானது. தன்னார்வலர் பெயரை மறைக்கவோ சாதியை நீக்கவோ வேண்டாம், அந்தப் பக்கத்தை வேறு இடத்தில் எழுதினால் போதும். எடுக்கிற கையே வெட்டத் தொடங்கினால் எது விடுபட்டது என்று பின்னால் யாருக்கும் தெரியாமல் போகும்.

கடைசியில் நின்ற தாள் இது. ஒரு பக்கம், போனில் ஒரே திரையில் ஏறக்குறைய அடங்கிவிடும்:

> முதலில் பக்க எண், வரி எண். நோட்டில் ஒரு வரி என்றால் ஷீட்டிலும் ஒரு வரி.
>
> உச்சியில் தனியாக நிற்கும் உ பிள்ளையார் சுழி: [சுழி] என்று எழுதவும். மாதத்துக்குப் பின் எண்ணை ஒட்டி வாலோடு நிற்பது தேதி. தொகை இடத்தில் நிற்பது இரண்டு.
>
> ௰, ௱, ௲ வந்தால் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ௰௨ பன்னிரண்டு, ௨௰ இருபது.
>
> எண்ணை ஒட்டி வ போல இருந்தால் அது பெரும்பாலும் கால். பின்னங்களைச் சொல்லாக: [கால்] [அரை] [முக்கால்] [வீசம்].
>
> 3-8 என்றால் 3-8. கோட்டைப் புள்ளியாக்காதீர்கள்.
>
> எழுதி முடித்ததும் கூட்டிப் பாருங்கள். ஒத்துவராவிட்டால் உங்கள் வாசிப்பை ஒருமுறை மறுபடி பாருங்கள். அப்போதும் ஒத்துவராவிட்டால் ‘கூட்டல் ஒக்கவில்லை’ என்று சந்தேகப் பத்தியில் எழுதி விட்டுவிடுங்கள். தொகையை மாற்றாதீர்கள். (முன்பு ஒரு பக்கத்தில் எட்டணா குறைந்தது. அடுத்த பக்கத்தில் கணக்கரே அதைச் சரிசெய்திருக்கிறார்.)
>
> எழுத்துப் பிழை, ஊர்ப் பெயர், ஜில்லா, எதையும் இன்றைக்கு ஏற்றபடி மாற்ற வேண்டாம்.
>
> படிக்க முடியாததற்கு [?], கிழிந்ததற்கு [கிழிசல்], அடித்ததற்கு [அடித்தது: ...]. ஊகித்தால் ஊகத்தைச் சந்தேகப் பத்தியில் எழுதவும்.
>
> பாக்கி, தெண்டப் பட்டியல் வந்தால் நிறுத்திவிட்டுச் சொல்லுங்கள். வேறு கோப்பு தருகிறோம்.

எல்லாக் குறிகளுக்கும் சதுர அடைப்பு மட்டும்தான். ஆரம்பத்தில் நான் மூன்று வகை அடைப்பு வைத்திருந்தேன், போனில் அவற்றைத் தேடியே ஆட்கள் சலித்துப்போனார்கள்.

இந்தத் தாள் மற்ற ஊர்க் கணக்குக்கும் அப்படியே செல்லும் என்று சொல்ல மாட்டேன். நெல் கணக்கு என்றால் படி, மரக்கால், கலம் வரும். எட்டுப் படி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். அதற்குக் கூட்டல் சூத்திரமே வேறு. எங்கள் நோட்டிலேயே ‘பூசாரி படி’ என்பதை ஒருவர் அளவுப் படியாக எடுத்துக்கொண்டு நாலு படி அரிசி என்று எழுதினார். அது படிக்காசு. வரி தொகைப் பத்தியில் நிற்பதாலும், அதைச் சேர்த்தால்தான் 28 வருவதாலும் தெரிந்துகொண்டோம்.

வாத்தியாரும் அந்தப் பெண்ணும் புதுத் தாளை வைத்துக்கொண்டு அதே முதல் பக்கத்தை மறுபடி எழுதினார்கள். ஒரு இடத்தைத் தவிர எல்லாம் ஒன்றாக இருந்தது. வாத்தியார் [சுழி] என்பதற்குப் பதிலாக, சொன்னதைக் கேளாமல், உ என்றே போட்டிருந்தார். கேட்டதற்கு, பிள்ளையாரை அடைப்புக்குள் போட மனசு வரவில்லை என்றார். அதை நானே மாற்றிக்கொண்டேன்.

கடைசி நோட்டில் செல் அரித்த மூன்று பக்கங்கள் இன்னும் முடியவில்லை. பிலவ வருஷத்துக்கு முந்தையவை என்பது மட்டும் தெரிகிறது. தொகைகள் 1-10, 4-6, 2-14 என்று நிற்கின்றன, பதினைந்தைத் தாண்டிய எண் ஒன்றும் இல்லை, அடித்தொகை இருந்த மூலை தூளாகிவிட்டது. பெரியவரிடம் காட்டினோம். அவர் படத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, அப்பா அந்த வருஷம் இரண்டு விதத்திலும் எழுதினார் என்றார். அந்த மூன்று பக்கங்களின் தொகைப் பத்தியில் கோடு கோடாகவே இருக்கிறது, பக்கத்தில் [?].